பண அலகு மாதிரியெடுப்பு

பண அலகு மாதிரியெடுப்பு என்பது கணக்குத் தணிக்கையில் சோதிக்க வேண்டிய இன்வாய்ஸ்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு புள்ளியியல் முறை. இதில் தேர்வுக்குரிய அலகு இன்வாய்ஸ் அன்று, அதில் எழுதியுள்ள ஒவ்வொரு வெள்ளியும் ஓர் அலகு. எல்லா வெள்ளிகளுக்கும் ஒரே வாய்ப்பு. 4,000 வெள்ளி இன்வாய்ஸில் 4,000 அலகுகள் இருப்பதால், 400 வெள்ளி இன்வாய்ஸைவிட அது தேர்வாகும் வாய்ப்பு பத்து மடங்கு. ஒரு வெள்ளி அகப்பட்டால் அதைச் சுமந்திருக்கும் இன்வாய்ஸ் முழுவதும் சோதனைக்கு வருகிறது. சிங்கப்பூரின் தணிக்கைத் தரநிலை எஸ்எஸ்ஏ 530, மாதிரி எடுக்கும் முறைகளில் ஒன்றாக இதையும் குறிப்பிடுகிறது.

அளவுக்கேற்ற வாய்ப்பு என்ற எண்ணம் தணிக்கையில் பிறந்ததன்று. ஹான்சன், ஹர்விட்ஸ் இருவரும் 1943இல் அமெரிக்க மக்கள்தொகை ஆய்வுகளுக்காக அதற்கு வடிவம் கொடுத்தார்கள். கூட்டுத்தொகைப் பட்டியல் போடாமலேயே அளவுக்கேற்பத் தேர்வுசெய்யும் வழியை, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் டி. பி. லாஹிரி 1951இல் வெளியிட்டார். 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் வான் ஹேர்டனும், அமெரிக்காவில் ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ் நிறுவனத்தின் கென்னத் ஸ்டிரிங்கரும் கணக்குப் புத்தகங்களுக்கு அதைக் கொண்டுவந்தார்கள்.

இந்த முறையைத் தேக்காக் கடை ஒன்றை வைத்துப் பார்ப்போம். அங்கே எல்லாக் கடைகளுக்கும் சட்டப்படியான தணிக்கை தேவைப்படுவதில்லை. சிங்கப்பூரில் 2015இல் வந்த ஏற்பாட்டின்படி, ஆண்டு வருமானம் ஒரு கோடி வெள்ளிக்கு மேற்படாமை, சொத்து ஒரு கோடி வெள்ளிக்கு மேற்படாமை, ஊழியர் 50 பேருக்கு மேற்படாமை ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தும் தனியார் நிறுவனம் விலக்குப் பெறலாம். குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தால் குழுமம் முழுவதும் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி வளர்ந்துவிட்ட, சிராங்கூன் சாலைப் பக்கத்து மளிகை மொத்த வியாபார நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அரிசி, பருப்பு, மசாலாவை உணவகங்களுக்குக் கடனில் கொடுக்கிறது. ஆண்டு இறுதியில் வசூலாகாமல் நிற்கும் இன்வாய்ஸ்கள் 400, மொத்தம் 6,00,000 வெள்ளி. இந்தத் தொகை கூட்டிக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதே தணிக்கையாளரின் கேள்வி.

முதலில் பொறுக்கத்தக்க பிழையை முடிவுசெய்ய வேண்டும். இங்கே அது 30,000 வெள்ளி என்று வைப்போம். பிழையே இராது என்று எதிர்பார்த்து, 95 விழுக்காடு நம்பகம் வேண்டுமென்றால் அதற்குரிய காரணி 3. 30,000ஐ 3ஆல் வகுத்தால் கிடைக்கும் 10,000 வெள்ளிதான் தேர்வு இடைவெளி. மொத்தத்தில் 60 இடைவெளிகள் வரும், ஆகவே 60 தேர்வுகள். காரணி ஏன் 3 என்பதையும் பார்த்துவிடலாம். உண்மையில் 30,000 வெள்ளி பிழை இருந்தால் அது மொத்தத்தில் 5 விழுக்காடு. 60 முறை எடுத்தும் ஒருமுறைகூடப் பிழையுள்ள வெள்ளி சிக்காமல் போகும் வாய்ப்பு 0.95ஐ 60 தடவை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.046. தவறவிடும் அபாயம் 5 விழுக்காட்டுக்குள் அடங்குகிறது.

அடுத்து, 10,000க்குள் ஒரு தொடக்க எண்ணைக் குருட்டாம்போக்கில் அல்லாமல் சமவாய்ப்பு எண்ணாக எடுக்க வேண்டும். 6,370 வந்தது என்று கொள்வோம். இன்வாய்ஸ்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகையில் 6,370, 16,370, 26,370 என்ற வெள்ளிகள் எந்த இன்வாய்ஸில் விழுகின்றனவோ அவையே மாதிரி. முதல் ஏழு இன்வாய்ஸ்கள் 2,400, 850, 4,100, 1,900, 14,200, 620, 3,300 என்றால், கூட்டுத்தொகை 2,400, 3,250, 7,350, 9,250, 23,450, 24,070, 27,370 என்று ஏறும். மூன்றாவதும் ஐந்தாவதும் ஏழாவதும் சிக்குகின்றன. 850 வெள்ளிக்கு வாய்ப்பு 8.5 விழுக்காடு, 4,100க்கு 41 விழுக்காடு. 14,200 இடைவெளியைவிடப் பெரியது, எங்கே தொடங்கினாலும் தப்பாது. இன்வாய்ஸை அலகாகக் கொண்டு 400இல் 60 எடுத்திருந்தால் இந்த மூன்றுக்கும் ஒரே 15 விழுக்காடுதான்.

எக்செலில் B நிரலில் தொகை, C நிரலில் கூட்டுத்தொகை, C1இல் 0 என்று வைத்தால், ஓர் இன்வாய்ஸ் எத்தனை முறை தேர்வாகிறது என்பதை இரண்டாம் வரிசையிலிருந்து இந்தச் சூத்திரம் சொல்லும்:

```
=INT((C2-6370)/10000)-INT((C1-6370)/10000)
```

சோதனையில் இரண்டு பிழைகள் அகப்பட்டன என்று வைப்போம். 4,100 வெள்ளி இன்வாய்ஸில் சில அரிசி மூட்டைகள் திரும்பி வந்திருந்தும் கிரெடிட் நோட் போடவில்லை. சரியான தொகை 3,690. கூடுதல் 410, அதாவது அந்த இன்வாய்ஸில் 10 விழுக்காடு பழுது. (சிங்கப்பூரில் அரிசிக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. ஆகவே இந்த ஒரு பிழை வரிக் கணக்கையும் தொடும்.) இந்த இன்வாய்ஸ் தன் 10,000 வெள்ளி இடைவெளிக்குச் சார்பாக நிற்பதால், அந்த இடைவெளியில் 1,000 வெள்ளி பிழை என்று மதிப்பிடுகிறோம். 14,200 வெள்ளி இன்வாய்ஸில் 700 கூடுதல். அது எப்படியும் சோதிக்கப்படும் இன்வாய்ஸ், பிறவற்றுக்குச் சார்பாக நிற்பதில்லை. எனவே 700 அப்படியே 700தான். மதிப்பிட்ட பிழை மொத்தம் 1,700 வெள்ளி.

இத்தோடு நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. பார்க்காத இன்வாய்ஸ்களின் அபாயத்தையும் சேர்த்து உச்ச வரம்பு காண வேண்டும். அடிப்படை அபாயம் 3 பெருக்கல் 10,000, அதாவது 30,000. முதல் பிழைக்குரிய காரணி 1.75, ஆகவே 1,000 வெள்ளி 1,750 ஆகிறது. அதனோடு 700. மொத்தம் 32,450, பொறுக்கத்தக்க 30,000ஐ மீறிவிட்டது. 410 வெள்ளிப் பிழை இவ்வளவு பெரிதாக வருவது அநியாயமாகத் தோன்றலாம். காரணம் நாம் எடுத்த மாதிரியின் அளவில் இருக்கிறது. பிழையே இராது என்று போட்ட கணக்கு ஒரு பிழையைக்கூடத் தாங்காது. முந்தைய ஆண்டுகளில் கிரெடிட் நோட் தாமதம் தெரிந்திருந்தால், 3,000 வெள்ளி பிழையை எதிர்பார்த்து அதை 1.6ஆல் பெருக்கி 30,000இலிருந்து கழித்திருக்க வேண்டும். மீதி 25,200ஐ 3ஆல் வகுத்தால் இடைவெளி 8,400, தேர்வுகள் 72. பன்னிரண்டு இன்வாய்ஸ் கூடுதலாகப் பார்ப்பது, ஆண்டு முடிந்தபின் வேலையை மீண்டும் விரிப்பதைவிட மலிவு. இப்போது தணிக்கையாளருக்குள்ள வழி, கூடுதல் சோதனை செய்வதும், கிரெடிட் நோட் பதிவு முழுவதையும் ஆராயச் சொல்லித் திருத்தக் கேட்பதும்.

தேர்வான இன்வாய்ஸின் ஆதாரம் கிடைக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னால், வேறொன்றை மாற்றி எடுப்பது கூடாது. பின்னர் வந்த வங்கி வரவு போன்ற மாற்றுச் சான்று தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் எஸ்எஸ்ஏ 530இன்படி அது பிழையாகவே கொள்ளப்படும்.

முறையின் பெரிய குறை, தொகை குறைத்துக் காட்டப்பட்டால் அது பார்வைக்குச் சிக்காமல் நழுவுவது. 41,000 வெள்ளி இன்வாய்ஸ் 4,100 என்று பதிவானால் வாய்ப்பு 41 விழுக்காடாகச் சுருங்கிவிடும். பதிவே ஆகாத இன்வாய்ஸுக்கு வாய்ப்பு இல்லை. மீதி பூஜ்யமானவையும் மைனஸ் தொகையில் நிற்கும் கிரெடிட் நோட்களும் அப்படியே, அவற்றைப் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியே சோதிக்க வேண்டும். கொடுக்க வேண்டிய கடன்களில் குறைத்துக் காட்டுவதே முக்கிய அபாயம் என்பதால், அவற்றைத் தணிக்கை செய்கையில் கடன்கொடுத்தோர் பட்டியலிலிருந்து இம்முறையில் மாதிரி எடுப்பது பொருந்தாது. அங்கே ஆண்டு முடிந்தபின் வங்கியிலிருந்து போன தொகைகளையும், சரக்கு கொடுத்தவர்கள் அனுப்பிய கணக்கு விவரங்களையும் எடுத்துக்கொண்டு, அவை புத்தகத்தில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.