மஞ்சள் தடவிய கார்டு



கடந்த மாதம் என் மாணவி ஒருத்தி தன் மகளுக்கு நிச்சயமான செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நான்கே வரி. கூடவே, "சார், அந்தக் காலத்தில் இதை எப்படி எழுதுவீர்கள்?" என்றும் கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு என்று ஓர் எழுத்து உண்டு. அதற்கு லக்னப் பத்திரிகை என்று பெயர். இரு வீட்டாரும் பெரியவர்களும் கூடியிருக்கும் சபையில், இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுப்பதாக முடிவாயிற்று, இன்ன நாளில் முகூர்த்தம் என்று எழுதி, காகிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவி, ஒருவர் உரக்க வாசிப்பார். வாசித்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுவார்கள். அந்தக் காகிதம் வீட்டோடு இருக்கும். சபைக்கு வர முடியாத உறவினர்களுக்கு அதன் சாரத்தை நாலு வரியில் எழுதிப் போடுவார்கள். நாம் இன்று அனுப்பும் செய்திக்குப் பாட்டி அந்த நாலு வரிதான்.

மலிவாக எழுதிப் போட வழி செய்தது தபால் கார்டு. இந்தியாவில் அது 1879 ஜூலையில் வந்தது. விலை காலணா. அதற்கு முன் உள்ளூரிலும் பக்கத்து ஊர்களிலும் பெரும்பாலும் ஆள் அனுப்பித்தான் சொல்வார்கள். கார்டு வந்ததும் பம்பாயில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்கும் மலிவாகச் சொல்ல முடிந்தது. நம் கார்டு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். ஒரு பக்கம் முழுவதும், முகவரிப் பக்கத்தில் பாதியும் நமக்கு. எழுத்தைப் பொடியாக்கினால் நிறையவே எழுதலாம். ஆனால் நிச்சயச் செய்தியை யாரும் பொடியாக எழுத மாட்டார்கள். ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"உ. க்ஷேமம். நம் வசந்தாவுக்கு ஆவணி 20ஆம் தேதி நிச்சயதாம்பூலம் மாற்றியாயிற்று. மாப்பிள்ளை கும்பகோணம், ரயில்வேயில் உத்தியோகம். கல்யாணம் தையில். பத்திரிகை பின்னால் வரும். எல்லோரும் நாலு நாள் முன்னதாகவே வரவேண்டியது."

இதில் உயிரான சொல் "மாற்றியாயிற்று" என்பதுதான். காரியம் முடிந்துவிட்டது என்று வினைமுற்றே சொல்லிவிடுகிறது. தாம்பூலம் மாறுவதற்கு முன் கார்டில் கை வைக்கப் பெரியவர்கள் விடமாட்டார்கள். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்", "அநேகமாக முடிந்த மாதிரிதான்" என்று எழுதிப் போட்டு, பிறகு சம்பந்தம் தட்டிப்போனால் அத்தனை ஊருக்கும் மறுபடி கார்டு போட வேண்டும். அந்தப் பெண்ணின் பேரும் அத்தனை வீட்டிலும் அடிபடும்.

எழுதி முடித்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள். லக்னப் பத்திரிகையில் தடவிய அதே மஞ்சள்தான். இதை வெறும் மங்களச் சடங்கு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். கார்டு போய்ச் சேரும் வீடுகளில் பலவற்றில் அதைப் படிக்க ஆள் இல்லை. தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ வந்து படித்துச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த வீட்டுப் பெண்கள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ ஏதோ என்று தவிக்கத் தேவையில்லை. மூலையைப் பார்த்தால் போதும், நல்ல சேதி. சாவுச் செய்தி வரும் கார்டில் மஞ்சள் இருக்காது. அதை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கமில்லை.

தந்தியில் இந்த மஞ்சளுக்கு இடமில்லாமல் போயிற்று. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. முகவரியில் உள்ள சொற்களும் கணக்கில் சேரும். மேலே சொன்ன கார்டையே தந்தியாக்கினால், "வசந்தா என்கேஜ்டு மேரேஜ் ஜனவரி லெட்டர் ஃபாலோஸ்" என்று ஆறு சொல்லில் முடிந்துவிடும். கும்பகோணமும் போயிற்று, ரயில்வேயும் போயிற்று. ஆனால் பெரிய சங்கடம் அது அல்ல. அன்று நம் ஊர்களில் தந்தி என்றாலே யாரோ போய்விட்டார்கள் என்றுதான் பொருள். சேவகர் சைக்கிளை நிறுத்துவதற்குள் உள்ளே அழுகை தொடங்கிவிடும். பிரித்துப் படித்துச் சிரிப்பதற்குள் பாட்டிக்கு மயக்கமே வந்துவிடும். அதனால் நிச்சயத்துக்குத் தந்தி கொடுப்பதைப் பலர் தவிர்த்தார்கள்.

வாழ்த்துச் சொல்வதற்குத் தந்தி வசதியாக இருந்தது என்பதும் உண்மை. தபால் தந்தி இலாகா ஆயத்த வாசகங்களுக்கு எண் கொடுத்திருந்தது. 8 என்று எழுதிக் கொடுத்தால் நீண்ட, இனிய மணவாழ்வுக்கான வாழ்த்துப் போகும். 16 என்றால் தம்பதிகள் மேல் விண்ணின் ஆசிகள் பொழியட்டும் என்று போகும். அதற்குப் பூப்போட்ட தனித் தாளும் உறையும் உண்டு. தந்திச் சேவையே 2013 ஜூலையோடு முடிந்தது.

தபாலோ தந்தியோ, ஒருவருக்கு மட்டும் எழுத்தில் சொல்லக் கூடாது. அவர் தாய்மாமன். அவர் வீட்டுக்கு நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும். "என் மருமகள் நிச்சயம் எனக்குக் கார்டில்தான் தெரிந்தது" என்று ஒரு மாமா சொல்லிவிட்டால் அது இரண்டு தலைமுறைக்கும் பேச்சாகிவிடும்.

கார்டின் கடைசி வரி "இப்படிக்கு". அங்கே அப்பா பெயர் வரும். அவர் இல்லாவிட்டால் பெரியப்பாவோ மாமாவோ கையெழுத்திடுவார். அம்மாவின் பெயர் அநேகமாக வராது. கணவரை இழந்த அம்மா என்றால் மஞ்சளையும் அவள் தொடமாட்டாள், பக்கத்து வீட்டுச் சுமங்கலியைக் கூப்பிடுவார்கள். நான் கிராமப் பள்ளியில் இருந்தபோது அப்படி ஓர் அம்மா இருபது கார்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே மகள். இட்லி வியாபாரத்தில் வளர்த்த பெண். எழுதிக்கொண்டே வந்தவன், கடைசி வரியில் யார் பெயர் போடுவது என்று கேட்டேன். கொழுந்தனார் பெயரைச் சொன்னார். அடுத்த கார்டை எடுத்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பேரு போட்டா அனுப்ப மாட்டாங்களா சார்?" என்றார். தபாலாபீசுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்றேன். மீதிப் பத்தொன்பதிலும் அவர் பெயர்தான். மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து, என் மேசையிலேயே, அவர் விரலாலேயே தடவினார். கொழுந்தனார் பெயர் போட்ட அந்த ஒரு கார்டைக் கொழுந்தனாருக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டார். சிரித்தபடியேதான் கேட்டார்.

இப்போது செய்தி கைப்பேசியில் ஒரு நொடியில் போகிறது. என் மாணவியின் நான்கு வரியில் அவள் பெயரும் அவள் கணவர் பெயரும் சேர்ந்தே இருந்தன. இரு பக்கமும் இலை, நடுவே மஞ்சள் நிறப் பின்னணி. கைப்பேசி இல்லாத ஓர் அத்தைக்கு மட்டும் அவள் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கார்டுகள் இருந்தால் முகவரிப் பக்கத்தைப் பாருங்கள். போட்ட ஊர் முத்திரை, சேர்ந்த ஊர் முத்திரை என்று இரண்டு இருக்கலாம். இரண்டு தேதியும் தெளிவாக இருந்தால் எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். மஞ்சளைக் காணோம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும், அடியில் கிடந்த கார்டுகளில் மங்கலாகவாவது தெரியும். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று ஏழாம் வகுப்பில் செய்து காட்டியது நினைவிருக்கும். அந்தச் சோதனையைக் கார்டில் செய்து பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.