ஓபிடி பொருத்துவாயின் வரலாறு: ஒரே வடிவம், பல மொழிகள்

ஓபிடி பொருத்துவாய் என்பது காரின் கணினிக் கட்டுப்பாட்டகங்களுடன் வெளியிலிருந்து பேசுவதற்கென ஓட்டுநரின் முழங்காலுக்கு மேல், தகட்டுப் பலகைக்கு அடியில் அமைந்துள்ள 16 முனை மின்னிணைப்பு ஆகும். எட்டு எட்டாக இரு வரிசையில் முனைகள் அமைந்த, ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய அதன் வடிவம் 1996 முதல் இன்று வரை மாறவில்லை. ஆனால் அந்த முனைகளில் ஓடும் மொழி பலமுறை மாறியுள்ளது. எந்த ஸ்கேனரின் செருகியும் எந்தக் காரிலும் நுழைந்துவிடும். நுழைந்த எல்லாம் பேசிவிடுவதில்லை. இந்த முரண்பாடு எப்படி வந்தது என்பதை அதன் வரலாறு விளக்குகிறது.

பொதுச் செருகிக்கு முந்தைய காலம்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தத் தொடங்கியபோது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகியை வைத்துக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 12 முனைப் பொருத்துவாய் இருந்தது. அதில் ஏ, பி என்று குறிக்கப்பட்ட இரு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டிப் பிழைக் குறியீட்டைச் சொல்லும். ஒரு சிமிட்டு, சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டு என்றால் குறியீடு 12. ஸ்கேனர் இல்லாமலே பழுது பார்ப்பவர் எண்ணிக் குறித்துக்கொண்டார். பி.எம்.டபிள்யூ கார்களில் எஞ்சின் மூடிக்கு அடியில் 20 முனை கொண்ட வட்டப் பொருத்துவாயும், மெர்சிடிஸ் கார்களில் 38 முனை கொண்ட வட்டப் பொருத்துவாயும் இருந்தன. பல நிறுவனங்களின் கார்களைப் பார்க்கும் பட்டறை ஒன்று ஒரு பெட்டி நிறைய இணைப்புக் கம்பிகளை வைத்திருக்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியம் 1988ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் செருகியின் வடிவமோ, குறியீட்டின் பொருளோ அப்போது வரையறுக்கப்படவில்லை. அடுத்த விதிமுறையான ஓபிடி-2 இந்தக் குறையை நீக்கியது. அது 1994இல் படிப்படியாகத் தொடங்கி, 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. பொருத்துவாயின் வடிவமும் முனை ஒதுக்கீடும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1962 என்ற தரநிலையில் எழுதப்பட்டன.

வரையறுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு

விதிமுறையின் நோக்கம் புகைக் கட்டுப்பாடு மட்டுமே. எனவே புகைவெளியீட்டோடு தொடர்புடைய தகவலை எந்தப் பொதுக் கருவியும் படிக்க வேண்டும் என்பதையே அது கேட்டது. கதவுப் பூட்டு, காற்றுப்பை, குளிரூட்டி ஆகியவை அதன் வரம்புக்குள் வரவில்லை.

முனை ஒதுக்கீடும் இதே எல்லையைப் பின்பற்றியது. முனை 16 மின்கலத்தின் நேர்மின் இணைப்பு. முனை 4 காரின் உடலோடு இணைந்த தரை. முனை 5 சமிக்ஞைக்கான தரை. இந்த மூன்றும் எல்லாக் கார்களுக்கும் பொது. ஸ்கேனரின் விளக்கு எரிவது 16ஆம் முனையாலும் தரை முனைகளாலும்தான். தரவுக்கு 2, 10 என்ற ஒரு சோடியும், 7, 15 என்ற ஒரு சோடியும், 6, 14 என்ற ஒரு சோடியும் ஒதுக்கப்பட்டன. மீதமுள்ள 1, 3, 8, 9, 11, 12, 13 ஆகிய ஏழு முனைகள் உற்பத்தியாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டன.

தரவுக்கு மூன்று சோடிகள் வந்ததற்குக் காரணம், நிறுவனங்கள் ஏற்கெனவே வெவ்வேறு மொழிகளைப் பயன்படுத்தி வந்ததே. ஃபோர்டு 2, 10 ஆகிய இரு முனைகளிலும் நொடிக்கு 41.6 கிலோபிட் வேகத்தில் பேசியது. ஜெனரல் மோட்டார்ஸ் 2ஆம் முனையில் மட்டும் 10.4 கிலோபிட் வேகத்தில் பேசியது. ஐரோப்பிய, ஆசியக் கார்களும் கிரைஸ்லரும் 7ஆம் முனையில் ‘கே கம்பி’ எனப்படும் ஒற்றைக் கம்பியைப் பயன்படுத்தின. 15ஆம் முனை அதற்குத் துணையான ‘எல் கம்பி’. விதிமுறை இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே பொதுக் கருவி என்று பெயர் பெற வேண்டுமானால் அது இவை எல்லாவற்றையும் பேசக் கற்றிருக்க வேண்டியிருந்தது.

கேன் பிணையத்தின் வெற்றி

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பிணையம் இந்தக் குழப்பத்தை முடித்து வைத்தது. இது 6, 14 ஆகிய முனைகளில் வழக்கமாக நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. 2003ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டு மாதிரி முதல் அங்கே புகைச் சோதனைக்கான ஒரே மொழியாகக் கட்டாயமானது.

இந்த மாற்றத்தின் நடுவே விற்கப்பட்ட கம்பிகள்தான் இன்றும் அதிகம் ஏமாற்றம் தருகின்றன. வோக்ஸ்வாகன் கார்களுக்கென மலிவாகக் கிடைக்கும் கேகேஎல் கம்பி, கே கம்பியைக் கணினியின் தொடர்வாயிலோடு நேரடியாக இணைக்கும் எளிய மின்னழுத்த மாற்றி மட்டுமே. நான்காம் தலைமுறை கோல்ஃப் காருக்கு அது போதும். 2003இல் வந்த ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் கேன் வழியாகப் பேசுவதால், அதே கம்பி அதில் சரியாக நுழைந்தும் எதையும் படிக்காது. அந்தக் கம்பிக்குள் 6, 14 முனைகளுக்கு இணைப்பே இல்லை.

எல்ம்327 சில்லும் அதன் போலிகளும்

கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட எல்ம்327 என்ற சில்லு எல்லா ஓபிடி-2 மொழிகளையும் ஒரே துண்டில் அடக்கி, எளிய எழுத்துக் கட்டளைகளால் இயங்கியது. முதல் பதிப்பின் நிரலுக்கு நகலெடுப்புப் பாதுகாப்பு இயக்கப்படாததால் போலிகள் பெருகின. இன்று மலிவாகக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இவற்றின் வழித்தோன்றல்களே. செலவைக் குறைக்க, சில போலிகளில் பழைய மொழிகளுக்கான சுற்றுகள் விடப்பட்டுள்ளன. அத்தகைய அடாப்டர் புதிய காரில் நன்றாக வேலை செய்து, 1998ஆம் ஆண்டு ஃபோர்டு காரில் மௌனமாக இருக்கும்.

காரின் மொழியை அறிய, முனையச் செயலி ஒன்றின் வழியாக அடாப்டருக்குக் கீழ்க்கண்ட கட்டளைகளை வரிசையாக அனுப்பலாம். சாவி இயக்க நிலையில் இருக்க வேண்டும்.

```
ATZ
ATRV
ATSP0
0100
ATDP
```

முதல் கட்டளை அடாப்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது, அடாப்டருக்கு வரும் மின்னழுத்தத்தைச் சொல்கிறது. 12 வோல்ட்டை ஒட்டிய எண் வந்தால் 16ஆம் முனை சரி. அடாப்டரின் விளக்கே எரியாவிட்டால் முதலில் உருகியைப் பார்க்க வேண்டும். பல கார்களில் சிகரெட் பற்றவைப்பியின் உருகியே இதற்கும் பொது. மூன்றாவது, மொழியைத் தானே தேடச் சொல்கிறது. நான்காவது, கார் எந்தத் தகவல்களைத் தரும் என்று கேட்கிறது. `41 00` என்று தொடங்கும் விடை வந்தால் தொடர்பு கிடைத்தது என்று பொருள். ஐந்தாவது, கிடைத்த மொழியின் பெயரைச் சொல்கிறது. மின்னழுத்தம் சரியாக இருந்தும் `UNABLE TO CONNECT` என்று வந்தால், அடாப்டர் தனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் விடை பெறவில்லை என்று பொருள்.

ஒரு எடுத்துக்காட்டு: ஃபோர்டு ஃபோகஸ்

விருப்பத்திற்கு விடப்பட்ட முனைகளின் விளைவை இரண்டாம் தலைமுறை ஃபோர்டு ஃபோகஸ் காரில் தெளிவாகக் காணலாம். இதில் இரண்டு கேன் பிணையங்கள் உள்ளன. எஞ்சினும் தடைக் கருவியும் 6, 14 முனைகளில் 500 கிலோபிட் வேகப் பிணையத்தில் இருக்கின்றன. ஒலிக் கருவி, குளிரூட்டி போன்றவை 3, 11 முனைகளில் 125 கிலோபிட் வேகப் பிணையத்தில் இருக்கின்றன.

சாதாரண எல்ம்327 அடாப்டரைச் செருகினால் மேலே உள்ள கட்டளைகளுக்கு ஒழுங்காக விடை வரும்; இறுதி வரியில் `ISO 15765-4 (CAN 11/500)` என்று தெரியும். எஞ்சின் பிழைகளைப் படிக்கலாம், அழிக்கலாம். ஆனால் குளிரூட்டிக் கட்டுப்பாட்டகம் இருப்பதாகவே காட்டாது. அதைக் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மாற்றுவது வீண்செலவு. அடாப்டரின் செருகியைத் திருப்பிப் பார்த்தால் 3, 11 ஆகிய இடங்களில் உலோக முனைகளே இல்லாதிருப்பதைப் பெரும்பாலும் கண்ணாலேயே காணலாம்.

இதற்காகவே பக்கவாட்டில் சிறு விசை வைத்த அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. விசையின் ஒரு நிலையில் சில்லின் கேன் கம்பிகள் 6, 14க்கும், மறு நிலையில் 3, 11க்கும் இணைகின்றன. ஃபோர்ஸ்கேன் மென்பொருள் தேவையான இடத்தில் விசையை மாற்றச் சொல்லிக் கேட்கும். விசை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை மாற்றிவிட்டு இவ்வாறு அனுப்பலாம்.

```
ATSPB
ATMA
```

முதல் வரி சில்லின் 125 கிலோபிட் கேன் அமைப்பைத் தேர்கிறது. இரண்டாவது, எதையும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்கிறது. எண்கள் வரிவரியாகப் பொழிந்தால் அடாப்டர் சரியான பிணையத்தில் இருக்கிறது. வேகமாக வந்து `BUFFER FULL` என்று நின்றாலும் அது நல்ல செய்தியே.

ஒரே எண், வேறு பொருள்

ஃபோர்டுக்குப் பொருந்திய விசை அடாப்டரை வேறு நிறுவனக் காரில் விசையை மாற்றிய நிலையில் செருகுவது தவறு. பி.எம்.டபிள்யூ தன் எஃப் வரிசைக் கார்களில் அதே 3, 11 முனைகளோடு 12, 13 முனைகளையும் சேர்த்து ஈதர்நெட் இணைப்புக்குப் பயன்படுத்தியது. அதற்கான கம்பியில் 8ஆம் முனைக்கும் 16ஆம் முனைக்கும் இடையே 510 ஓம் மின்தடை ஒன்று இருக்கும். ஈதர்நெட்டை இயக்கச் சொல்லிக் காருக்குத் தரும் அடையாளம் அது. ஃபோர்டில் குளிரூட்டியோடு பேசும் முனை இங்கே கணினி வலையின் கம்பி.

எனவே அடாப்டரைப் பொருத்திப் பார்ப்பதில் செருகியின் வடிவம் எதையும் உறுதி செய்வதில்லை. காரின் பொருத்துவாயில் எந்த முனைகளில் உலோகம் இருக்கிறது என்று கைவிளக்கால் பார்ப்பதே முதல் சோதனை. 7 இருந்து 6, 14 வெறுமையாக இருந்தால் அது கே கம்பிக் கார். 2, 10 மட்டும் இருந்தால் பழைய ஃபோர்டு மொழி. 6, 14 இருந்தால் பெரும்பாலும் கேன். 6, 14 முனைகளில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு மின்தடை அளந்தால் பல கார்களில் 60 ஓம் அளவு கிடைக்கும். பிணையத்தின் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருப்பதே காரணம். 120 என்று காட்டினால் ஒரு பக்கம் துண்டித்திருக்கலாம். இடையே நுழைவாயில் கட்டுப்பாட்டகம் உள்ள கார்களில் மட்டும் இந்த அளவு வேறுபடும்.

2018 முதல் ஃபியட் கிரைஸ்லர் குழுமம் தன் கார்களில் அத்தகைய பாதுகாப்பு நுழைவாயிலைச் சேர்த்தது. அங்கே முனையும் வேகமும் மொழியும் சரியாக இருந்தாலும், பிழைகளைப் படிக்கலாமே தவிர, அங்கீகாரம் பெறாத கருவி அவற்றை அழிக்க முடியாது. 1996இல் எல்லோருக்கும் ஒன்றாக்கப்பட்ட வடிவம் அப்படியே நிற்கிறது. அதன் பின்னால் உள்ள கதவுதான் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறாகிறது.