இடைவெளியில் அளந்த புலம் இரும்பின் புலமா? மதுரை மினி-ஐகால் காந்தத்தை முன்வைத்து

காற்றிடைவெளி உள்ள காந்தச் சுற்றைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. இரும்பும் இடைவெளியும் தொடரில் இணைந்த இரண்டு மின்தடைகள் போன்றவை. தொடர்ச் சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. ஆகவே காந்தப் பாயமும் எங்கும் ஒன்றே. இடைவெளியில் ஹால் உணரி காட்டும் புலத்தை அப்படியே இரும்பின் புலமாகக் கொள்ளலாம் என்பது அந்த வழக்கம். விளிம்பில் பாயம் சற்றுப் புடைத்து வெளியேறுவதற்காக ஒரு சிறு திருத்தம் சேர்ப்பார்கள். தனித்து நிற்கும் ஒற்றை வளையத்துக்கு இது போதுமானதே. பல இரும்பு அடுக்குகள் நெருங்கி நிற்கும் காந்தத்தில் இது போதாது என்பதும், பிழை விளிம்புத் திருத்தத்தைவிடப் பெரியது என்பதும் இக்கட்டுரையின் வாதம். சிறுசேரி, தரமணி வகுப்பறைகளில் கரும்பலகையில் ஒரே வரியில் முடிந்துவிடும் கணக்குதான் இது. அந்த வரி எங்கே முறிகிறது என்பதைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமைக்கத் திட்டமிட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் உணர்கருவி ஐகால். ஏறத்தாழ 51,000 டன் இரும்பு, சுமார் 1.5 டெஸ்லா புலம். அதன் சிறு முன்மாதிரியான 85 டன் மினி-ஐகால் மதுரையில் இயங்குகிறது. 56 மி.மீ. தடிமனும் நான்கு மீட்டர் பக்கமும் கொண்ட 11 இரும்பு அடுக்குகள். அவற்றுக்கிடையே மியூவான்களைக் காணும் 10 உணரித் தட்டுகள். 18 சுற்றுகள் கொண்ட இரண்டு செப்புச் சுருள்கள். ஓர் அடுக்கு என்பது ஒரே தகடு அன்று. பல தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோத்திருக்கிறார்கள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி தவிர்க்க முடியாதது. 1, 6, 11 ஆம் அடுக்குகளில் அந்த இடைவெளியை ஹால் உணரி நுழையும்படி திட்டமிட்டே விட்டிருக்கிறார்கள். மற்ற எட்டு அடுக்குகளின் புலத்தையும் இந்த மூன்றில் கிடைக்கும் எண்களைத் துணைகொண்டுதான் மதிப்பிட வேண்டியிருக்கிறது. நம் கேள்வி இந்த எண்களைப் பற்றியது.

எல்லா அடுக்குகளையும் அதே சுருள்கள்தான் சூழ்கின்றன. எனவே ஒவ்வோர் அடுக்குக்கும் கிடைக்கும் ஆம்பியர்-சுற்று ஒன்றே. மின்சுற்று மொழியில் சொன்னால், ஒரே மின்கலத்தில் பக்க இணைப்பாகப் பொருத்திய பதினொரு தடைகள். அளவிடும் அடுக்கில் இடைவெளி மற்றதைவிட அகலமாக இருந்தால் அங்கே தடை கூடும், பாயம் குறையும். அளப்பதற்காக விட்ட இடமே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. எவ்வளவு மாற்றுகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். இதில் வரும் அளவுகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மினி-ஐகாலின் கட்டுமான அளவுகளாக இவற்றைக் கொள்ள வேண்டாம். இரண்டு மீட்டர் நீளத் தகடும் அதன் முனையில் ஓர் இடைவெளியும் சேர்ந்தது ஒரு துண்டு. சாதாரண அடுக்கில் இடைவெளி 2 மி.மீ., அளவிடும் அடுக்கில் 4 மி.மீ. சாதாரண அடுக்கில் புலம் 1.4 டெஸ்லா என்போம். கார்பன் குறைந்த மென்எஃகுக்கு அந்தப் புலத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 ஆம்பியர் வேண்டும், தகட்டுக்கு 2,000. இடைவெளிக்கு வேண்டியது

B·g/μ₀ = 1.4 × 0.002 / (4π × 10⁻⁷) ≈ 2,230 ஆம்பியர்.

மொத்தம் 4,230. இரண்டு மீட்டர் இரும்பு கேட்பதைவிட இரண்டு மி.மீ. காற்று கூடுதலாகக் கேட்கிறது. துறையினருக்கு இது புதிதல்ல.

இப்போது அதே 4,230 ஆம்பியரை 4 மி.மீ. அடுக்குக்குக் கொடுப்போம். இரும்பின் தடையை மாறாத எண்ணாக, அதாவது உண்மையான மின்தடையைப் போலவே, வைத்துக்கொண்டால் புலம் 0.92 டெஸ்லா என்று வருகிறது. ஆனால் இரும்பு அப்படிப்பட்ட தடை அன்று. 1.4 டெஸ்லாவில் அது தெவிட்டும் நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது. புலம் சற்றுக் குறைந்தாலும் அதன் தேவை மளமளவென்று இறங்கும். 1.1 டெஸ்லா அருகே மீட்டருக்கு 400 ஆம்பியரே போதும். இரும்பு விட்டுக்கொடுத்த ஆம்பியர்கள் இடைவெளிக்குப் போகின்றன. இரும்பின் வளைகோட்டையும் இடைவெளியின் நேர்கோட்டையும் வெட்டிப் பார்த்தால் விடை 1.08 டெஸ்லா. 0.92 எங்கே, 1.08 எங்கே! காந்தத் தடையை எண்ணாகக் கொள்ளாமல் கோடாகக் கொள்ள வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் விரைவு மதிப்பீட்டில் எல்லோரும் மறப்பதும் இதைத்தான்.

இதுவரை சொன்னதை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்ளும். அளவிடும் அடுக்கில் புலம் குறைவுதான். ஆனால் அந்த அடுக்கின் இரும்பிலும் அதே 1.08 தானே, அதை உணரி சரியாகத்தானே காட்டுகிறது என்று கேட்பார்கள். இடைவெளியின் முகத்துக்குச் செங்குத்தான புலம் அந்த முகத்தில் தொடர்ச்சியானது என்ற விதியையும் துணைக்கு அழைப்பார்கள். விதி சரி. ஆனால் அது முகத்தில் ஒரு புள்ளியைப் பற்றிய விதி. ஒரு மீட்டர் தள்ளித் தகட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த ஒரு மீட்டர் தூரத்துக்குள் பாயம் தகட்டின் மேல்முகம் வழியாகவோ கீழ்முகம் வழியாகவோ வெளியேறிவிட்டால்?

மின்தடை ஒப்புமை இங்கே நம்மை ஏமாற்றுகிறது. செப்புக் கம்பியைச் சுற்றியுள்ள காற்று மின்னோட்டத்துக்கு முழு வேலி. காந்தப் பாயத்துக்கு அப்படி ஒரு வேலியே கிடையாது. 1.4 டெஸ்லாவில் நம் எஃகு காற்றைவிட ஏறத்தாழ 1,100 மடங்குதான் எளிதாகப் பாயத்தை விடுகிறது. உப்புநீரில் கிடக்கும் உறையில்லாக் கம்பியில் மின்சாரம் ஓடுவது போன்ற நிலை இது. இனி ஒழுகுமா என்று கேட்பதில் பொருளில்லை. எவ்வளவு ஒழுகும் என்பதே கேள்வி.

அடுத்த அடுக்கு 45 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். 4 மி.மீ. எங்கே, 45 மி.மீ. எங்கே, பாயம் ஏன் அவ்வளவு தூரம் தாவப் போகிறது என்று தோன்றும். காந்தத் தடையின் வாய்பாட்டில் நீளம் மட்டும் இல்லை, பரப்பும் இருக்கிறது:

R = l / (μ₀A).

தகட்டின் அகலத்தில் ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டால், 4 மி.மீ. இடைவெளியின் பரப்பு 0.056 சதுர மீட்டர். தகட்டின் முகமோ இடைவெளியிலிருந்து நடுப்பகுதி வரை ஒரு முழுச் சதுர மீட்டர். நீளத்தைப் பரப்பால் வகுத்தால் முதலாவதுக்கு 0.071, இரண்டாவதுக்கு 0.045. தாவலுக்கான தடை இடைவெளியின் தடையைவிடக் குறைவு! முகம் முழுவதும் ஒரே அழுத்த வேறுபாடு இல்லை என்பதையும், போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று இரு தடவை தாவ வேண்டும் என்பதையும் கணக்கில் கொண்டால் இரண்டாவது எண் சுமார் நான்கு மடங்காகும். அப்போதும் அது புறக்கணிக்கத்தக்க வழி அன்று.

தகட்டு நடுவிலிருந்து இடைவெளி வரை அளவிடும் அடுக்கின் இரும்பு எடுத்துக்கொள்வது சுமார் 390 ஆம்பியர். பக்கத்து அடுக்கின் இரும்பு எடுத்துக்கொள்வது 1,000. எனவே இடைவெளியின் ஓரத்தில் இரண்டு தகடுகளுக்கும் இடையே ஏறத்தாழ 600 ஆம்பியர் காந்த அழுத்த வேறுபாடு நிற்கிறது. 45 மி.மீ. காற்றில் அது 0.017 டெஸ்லாவை உண்டாக்கும். கேட்பதற்குச் சிறிய எண்தான். தகட்டு நடுவை நோக்கி அது பூச்சியமாகத் தேய்கிறது. எனவே சராசரி 0.0084. ஒரு சதுர மீட்டருக்கு அதே எண்தான் வெபரில் பாயம். இடைவெளியைக் கடக்கும் பாயம் 1.08 × 0.056 = 0.0605 வெபர். ஆக, ஒரு முகத்தின் கசிவு மட்டுமே 14 சதவீதம். ஆறாவது அடுக்குக்கு மேலும் கீழும் அண்டை அடுக்குகள் உண்டு, அதற்கு இருமடங்கு.

இது முதல் சுற்று விடை. கசிந்த பாயம் தகட்டின் நடுப்பகுதியில் புலத்தை உயர்த்தும். அதனால் அங்கே இரும்பின் தேவை கூடி, இடைவெளிக்குக் கிடைப்பது குறையும். இப்படி மாற்றி மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்ததில் ஆறாவது அடுக்கின் இடைவெளியில் 1.0 டெஸ்லாவை ஒட்டியும் தகட்டு நடுவில் 1.2 டெஸ்லாவை ஒட்டியும் விடை நிலைக்கிறது. இரண்டாவது தசமத்துக்கு நான் பொறுப்பேற்கத் தயாரில்லை. சுருள் செல்லும் பிளவுகளின் அருகே ஒற்றைத் திசைக் கணக்கு செல்லாது. மேல் கீழ் அடுக்குகளின் இணைப்புகள் நேர்நேராக இல்லாவிட்டால் கசிவின் வடிவமே மாறும். ஆயினும் வேறுபாட்டின் திசையையும் பருமனையும் நான் ஐயுறவில்லை. வழக்கமான விளிம்புத் திருத்தம், 56 மி.மீ. தடிமனோடு 4 மி.மீ. கூட்டுவது, 7 சதவீதத்தைத் தாண்டாது. அந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணியவர்கள் சிறிய பிழையைத் திருத்திப் பெரிய பிழையை விட்டுவிட்டார்கள்.

மியூவான் வளைவது பெரும்பாலும் தகட்டின் இரும்புக்குள்தான். 4 மி.மீ. பிளவை நேரே சந்திக்கும் மியூவான்கள் மிகச் சில. வளைவிலிருந்து உந்தத்தைக் கணிக்கும்போது புலத்தில் உள்ள 10 சதவீதப் பிழை உந்தத்தில் 10 சதவீதமாகவே வந்து நிற்கும். எனவே எந்த இடத்துப் புலம் என்று கேட்பது வெறும் வறட்டுத் துல்லியம் அன்று.

முப்பரிமாணக் கணினிக் கணிப்பு இதையெல்லாம் தானே உள்ளடக்கிவிடுமே என்பது ஒரு மறுப்பு. உள்ளடக்கும்; வரைபடத்தில் கொடுத்த இடைவெளிக்கு. பல டன் தகடுகளைக் கிரேனில் இறக்கி வைத்தபின் ஒவ்வோர் இணைப்பிலும் உண்மையில் எத்தனை மி.மீ. விழுந்தது என்பதைக் கணிப்பு அறியாது. அரை மி.மீ. மாறினால் எங்கே எவ்வளவு நகரும் என்பதைத் தடைக் கணக்கு அரைப் பக்கத்தில் சொல்லிவிடும். ஒப்புமையையே கைவிடலாம் என்போருக்கும் இதே பதில். பக்க இணைப்புத் தடைகளைச் சேர்த்து எழுதினால் ஒப்புமை நன்றாகவே உழைக்கிறது. தொடர்ச் சுற்றாக மட்டும் எழுதியதுதான் கோளாறு.

சரிபார்க்க வழி உண்டு. தகட்டின் நடுவில் சில சுற்றுகள் கம்பி சுற்றி, சுருளின் மின்னோட்டத்தை ஏற்றும்போது அதில் எழும் மின்னழுத்தத்தைத் தொகையிட்டால் இரும்பைக் கடக்கும் மொத்தப் பாயமே கிடைக்கும். முறை பழையது. அதன் குறை, அது மாற்றத்தை மட்டுமே காட்டும், ஏற்கெனவே எஞ்சியிருக்கும் காந்தத்தைக் காட்டாது என்பது. மின்னோட்டத்தை இரு திசையிலும் ஏற்றி இறக்கி அதைச் சமாளிக்கலாம். அதே தகட்டின் இடைவெளியில் ஹால் உணரியையும் வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். தொடர்ச் சுற்று வழக்கம் சரியென்றால், விளிம்புத் திருத்தத்துக்குப் பின் இரண்டும் ஒத்துப்போகும். நான் சொல்வது சரியென்றால் நடுவில் சுற்றிய கம்பி கூடுதலாகக் காட்டும். அந்தக் கூடுதல், இடைவெளி அகலம் சமமாக இருக்கும்பட்சத்தில், ஒரு பக்கம் மட்டுமே அண்டை கொண்ட 1, 11 ஆம் அடுக்குகளில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும். மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற, எல்லா அடுக்குகளும் தெவிட்டலை நோக்கி நகரும்போது, அடுக்குகளிடையே புல விகிதம் ஒன்றை நெருங்கும். ஆனால் இரும்பின் அழுத்த வேறுபாடு கூடுவதால் கசிவு குறையாது. குறைந்த மின்னோட்டத்தில் மட்டும் அளந்து நிறுத்திவிட்டால் இந்தக் கடைசி வேறுபாடு கண்ணில் படாது.