மீச்சிறு அளாவு மரம்: ஒரு முனையிலிருந்து வளர்க்கும் முறை

சில இடங்களையும் அவற்றுக்கிடையே போடக்கூடிய இணைப்புகளின் செலவையும் கொடுத்தால், எல்லா இடங்களையும் ஒன்றுசேர்க்கும் மிகக் குறைந்த மொத்தச் செலவுள்ள இணைப்புத் தொகுதி மீச்சிறு அளாவு மரம் எனப்படும். அதில் சுற்று எதுவும் இராது. இடங்கள் n என்றால் இணைப்புகள் n−1. இதைக் காணும் வழிகளில் இரண்டு பரவலாக வழங்குகின்றன. ஓர் இடத்தில் தொடங்கி, இதுவரை சேர்ந்த பகுதியிலிருந்து வெளியே போகும் மிக மலிவான இணைப்பை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது பிரிம் முறை. எல்லா இணைப்புகளையும் முதலில் செலவு வாரியாக அடுக்கி, சுற்று உண்டாக்காதவற்றை வரிசையாக எடுப்பது குருஸ்கல் முறை.

தோற்றம்

இந்தக் கேள்வி மின்கம்பி இழுக்கும் வேலையிலிருந்து பிறந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவின் மொராவியாப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் பணி நடந்தது. மேற்கு மொராவிய மின் நிறுவனத்தில் வேலை செய்த நண்பர் ஒருவர், ஊர்களை மிகக் குறைந்த செலவில் எப்படி இணைப்பது என்ற கேள்வியைக் கணித அறிஞர் ஒட்டகார் பொரூவ்காவிடம் வைத்தார். பொரூவ்கா 1926இல் விடையை வெளியிட்டார். ஒவ்வொரு ஊரும் தனக்கு மிக மலிவான இணைப்பை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி உண்டாகும் கூட்டங்கள் மறுபடியும் அதையே செய்ய வேண்டும் என்பது அவரது வழி.

அந்தக் கட்டுரையைப் படித்த பிராகாவின் வொய்டெக் யார்னிக், இன்னும் எளிய வழி இருப்பதாக 1929இல் பொரூவ்காவுக்குக் கடிதம் எழுதினார். அது 1930இல் அச்சேறியது. ஒரு முனையில் தொடங்கி மரத்தை வளர்க்கும் முறை இதுதான். செக் மொழியில் வந்ததால் வெளியே பலர் அறியவில்லை.

1956இல் அமெரிக்காவின் ஜோசப் குருஸ்கல், பொரூவ்காவின் கட்டுரையைப் படித்து, எல்லா இணைப்புகளையும் அடுக்கிவிட்டு எடுக்கும் எளிய முறையைச் சில பக்கங்களில் வெளியிட்டார். 1957இல் பெல் ஆய்வகத்தின் ரொபர்ட் பிரிம், யார்னிக்கை அறியாமலே அவருடைய முறையை மறுபடி கண்டார். வாடகைத் தொலைபேசித் தடங்களுக்குக் கட்டணம் கணக்கிடுவதிலிருந்து அவருக்கு இந்தப் பிரச்சினை வந்தது. 1959இல் ஒல்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அதே முறையைத் தனியாக வெளியிட்டார். கணினியின் பின்பலகையில் செப்புக் கம்பியைக் குறைப்பது அவருடைய தேவை. இதனால் இம்முறை யார்னிக் முறை, பிரிம் முறை, பிரிம்–டைக்ஸ்ட்ரா முறை என மூன்று பெயர்களால் குறிக்கப்படுகிறது.

பசறையைச் சுற்றி ஒரு கணக்கு

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், பேராதனை–பதுளை–செங்கலடி வீதியில் உள்ள பசறையை முதல் முனையாகக் கொள்ளலாம். பதுளை, ஹாலிஎல, எல்ல, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை ஆகியவை மற்ற ஆறு. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்த இணைப்புச் செலவுகளே. வீதித் தூரங்கள் அல்ல.

- பதுளை–ஹாலிஎல 6
- பசறை–நமுனுகுல 11
- நமுனுகுல–எல்ல 12
- பசறை–மடுல்சீமை 13
- மடுல்சீமை–லுணுகலை 14
- எல்ல–ஹாலிஎல 15
- நமுனுகுல–பதுளை 16
- பசறை–பதுளை 17
- பசறை–லுணுகலை 20

பசறையிலிருந்து வெளியே போகும் இணைப்புகள் நான்கு: 11, 13, 17, 20. மிகச் சிறிய 11 நமுனுகுலவைச் சேர்க்கிறது. நமுனுகுல வந்ததும் எல்லவுக்கு 12, பதுளைக்கு 16 என்ற புதிய வழிகள் திறக்கின்றன. இப்போது 12 மிகச் சிறியது; எல்ல சேர்கிறது. அங்கிருந்து ஹாலிஎலவுக்கு 15 என்ற வழி பட்டியலில் ஏறுகிறது. அடுத்து 13 மடுல்சீமையைக் கொண்டுவருகிறது. லுணுகலைக்கு அதுவரை 20 மட்டுமே இருந்தது; மடுல்சீமை வழியாக 14 கிடைப்பதால் அது அடுத்துச் சேர்கிறது. பிறகு 15 ஹாலிஎலவை எடுக்கிறது. கடைசியில் 6 பதுளையைச் சேர்க்கிறது. மொத்தம் 71.

எல்லாவற்றிலும் மலிவான 6 இங்கே கடைசியாக வந்ததைக் கவனிக்கவேண்டும். மரம் ஹாலிஎலவையோ பதுளையையோ தொடும்வரை அந்த இணைப்பு பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. குருஸ்கல் முறையில் அதே 6 முதலாவது: 6, 11, 12, 13, 14, 15 என்று வரிசையாக எடுத்தால் ஆறு இணைப்புகள் நிறைந்துவிடும். மரமும் அதே 71தான். நடுவழியில் மட்டும் தோற்றம் வேறு. குருஸ்கலில் பதுளையும் ஹாலிஎலவும் தனித் துண்டாக நிற்கும். 15 வந்த பிறகே பசறைப் பக்கத்தோடு சேரும். நிறுத்தாமல் அடுத்த 16ஐப் பார்த்தால், நமுனுகுலவும் பதுளையும் ஏற்கெனவே ஒரே துண்டில் இருப்பதால் அதை ஒதுக்க வேண்டும். இரண்டு ஊர்கள் ஒரே துண்டில் உள்ளனவா என்று வேகமாகச் சொல்லும் ஏற்பாடு குருஸ்கலுக்குத் தேவை. அதற்கான தரவமைப்பை 1964இல் காலரும் ஃபிஷரும் விவரித்தார்கள்.

இரண்டு முறைகளும் சரியான விடை தருவதற்குக் காரணம் ஒன்றே. ஊர்களை எப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்தாலும், அவற்றுக்கிடையே செல்லும் இணைப்புகளில் மிக மலிவானதை எடுப்பது ஒருபோதும் நட்டமாகாது. பிரிம் ஒவ்வொரு படியிலும் "மரம்", "மீதி" என்ற பிரிவைப் பயன்படுத்துகிறார். குருஸ்கல் "இந்தத் துண்டு", "மற்றவை" என்ற பிரிவைப் பயன்படுத்துகிறார். செலவுகள் சமமாக இருந்தால் இரண்டும் வெவ்வேறு மரங்களைத் தரக்கூடும், மொத்தம் மாறாது.

முன்னுரிமை வரிசையின் வரவு

யார்னிக்கிடமோ பிரிமிடமோ முன்னுரிமை வரிசை இல்லை. மரத்துக்கு வெளியே உள்ள ஒவ்வோர் ஊருக்கும் இதுவரை கிடைத்த மிக மலிவான வழியை ஒரு பட்டியலில் குறித்து, ஒவ்வொரு படியிலும் பட்டியல் முழுவதையும் பார்ப்பதே பழைய வழி. V ஊர்களுக்கு அதன் உழைப்பு ஏறத்தாழ V² படிகள். 1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ், ஹீப் என்னும் குவியல் அமைப்பை வெளியிட்டார். சேர்ப்பதும் சிறியதை எடுப்பதும் அதில் மடக்கை அளவு நேரமே கொள்ளும். இதை மரம் வளர்க்கும் முறையோடு சேர்த்தபின் அதன் உழைப்பு `O(E log V)` ஆனது. E என்பது இணைப்புகளின் எண்ணிக்கை. 1984இல் ஃபிரெட்மனும் டார்ஜனும் அறிவித்த ஃபிபொனாச்சிக் குவியல் அதை `O(E + V log V)` வரை இறக்கியது. எழுதுவதற்குச் சிக்கலானது என்பதாலும் ஒவ்வொரு செயலிலும் சுமை கூடுவதாலும் நடைமுறையில் சாதாரண இருமக் குவியலே நிலைத்தது.

பைதனில் இந்த முறை இவ்வளவுதான்:

```python
import heapq

def prim(g, s):
    seen, total, q = set(), 0, [(0, s)]
    while q and len(seen) < len(g):
        w, v = heapq.heappop(q)
        if v in seen:
            continue
        seen.add(v)
        total += w
        for u, c in g[v]:
            if u not in seen:
                heapq.heappush(q, (c, u))
    return total, len(seen)
```

இது சோம்பல் வடிவம். ஓர் ஊருக்கு மலிவான வழி கிடைத்தால் பழைய பதிவைத் திருத்துவதில்லை. புதியதைச் சேர்த்துவிட்டு, பழையது வெளிவரும்போது தள்ளிவிடுகிறது. மேலே உள்ள கணக்கில் ஹாலிஎல வழியாகப் பதுளை சேர்ந்து வேலை முடியும்போதும் 16, 17, 20 என்ற மூன்று பதிவுகள் வரிசையில் கிடக்கும். அதற்கு ஈடாகக் கூடுதல் நினைவகம் செலவாகிறது.

எழுதுபவர் அதிகம் சறுக்கும் இடம் `heappush` வரி. `c` என்பதற்குப் பதில் `w + c` என்று எழுதிவிட்டால், நிரல் பசறையிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் குறுகிய பாதையைத் தேடத் தொடங்கும். அது டைக்ஸ்ட்ராவின் அதே 1959 கட்டுரையில் உள்ள இரண்டாம் பிரச்சினை. அப்போது பசறை–பதுளை 17உம் பசறை–லுணுகலை 20உம் உள்ளே வந்து, இணைப்புகளின் உண்மையான மொத்தம் 79 ஆகும். நிரல் 107 என்று காட்டும். சிறிய வரைபில் கையால் போட்ட விடையோடு ஒப்பிட்டால் பிழை உடனே தெரிந்துவிடும். ஊர்கள் எல்லாம் தொடர்புபடாத நிலையில் நிரல் பிழைச் செய்தி தராமலே நின்றுவிடும். அதனால்தான் சேர்ந்த ஊர்களின் எண்ணிக்கையும் திருப்பித் தரப்படுகிறது. அது குறைவாக வந்தால் மரம் முழுமையற்றது.

எதை எப்போது

அடுக்கி எடுப்பதன் உழைப்பு `O(E log E)`. E எவ்வளவு பெரிதானாலும் V²ஐத் தாண்டாததால், அதன் மடக்கை V இன் மடக்கையைப்போல் இரு மடங்குக்குள் அடங்கும். ஆகவே தாளில் இரண்டும் ஒரே தரம். தேர்வு தரவின் வடிவத்தைப் பொறுத்தது.

இணைப்புகள் குறைவாகவோ ஏற்கெனவே செலவு வாரியாக அடுக்கப்பட்டோ வந்தால் குருஸ்கல் எளிது. ஊர்கள் பல தனித் தொகுதிகளாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத்தை அதுவே தந்துவிடும். பிரிமுக்கு ஒவ்வொரு தொகுதியிலும் புதிதாகத் தொடங்க வேண்டும். மாறாக, எல்லா ஊருக்கும் எல்லா ஊரோடும் இணைப்பு சாத்தியமானால் கதை வேறு. 1000 புள்ளிகளுக்கு 4,99,500 இணைப்புகள். அவற்றை முழுவதும் சேமித்து அடுக்குவதைவிட, பிரிமின் பழைய V² வடிவம் தூரத்தைத் தேவைப்படும்போதே கணக்கிட்டு, ஊருக்கு ஓர் எண்ணை மட்டும் வைத்து முடித்துவிடும். அந்த நிலையில் முன்னுரிமை வரிசையும் வேண்டாம்.

வரம்புகள்

மீச்சிறு அளாவு மரம் மொத்தச் செலவை மட்டுமே குறைக்கிறது. மேலுள்ள மரத்தில் பசறையிலிருந்து பதுளைக்குப் போக நமுனுகுல, எல்ல, ஹாலிஎல வழியாக 44 ஆகிறது. நேர் இணைப்போ 17தான். மேலும் ஓர் இணைப்பு அறுந்தாலும் மரம் இரண்டாகும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நேர்ந்ததைப் போன்ற மண்சரிவுகள் வரும் மாவட்டத்தில் இது சிறிய குறை அல்ல. நமுனுகுல–எல்ல இணைப்பு அறுந்தால் எல்ல, ஹாலிஎல, பதுளை மூன்றும் பசறையிலிருந்து பிரிந்துவிடும். மீட்கும் வழியும் பழைய விதிதான்: இரு பக்கத்தையும் கடக்கும் 16, 17 என்ற இரண்டில் மலிவான நமுனுகுல–பதுளை 16ஐப் போடவேண்டும், மொத்தம் 75 ஆகும். உண்மையான மின்வலையமைப்புகள் மரத்தை முதல் வரைவாகக் கொண்டு, மாற்றுவழிக்காக மேலும் சில இணைப்புகளைச் சேர்த்தே அமைக்கப்படுகின்றன.