பின்தங்கும் கணிப்பும் ஹோல்ட்டின் திருத்தமும்

1944-இல் அமெரிக்கக் கடற்படையில் ராபர்ட் ஜி. பிரவுன் என்ற ஆய்வாளருக்கு ஒரு வேலை தரப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல் இருக்கும் இடம் பற்றிக் கிடைக்கும் அளவீடுகளைக் கொண்டு அதன் வேகத்தைக் கணிக்க வேண்டும். அதை வைத்துத்தான் போர்க்கப்பலிலிருந்து வெடிகலத்தை எவ்வளவு முன்தள்ளி எறிவது என்று முடிவாகும். பிரவுன் அமைத்த முறையின் சாரம், புதிய அளவீட்டுக்குக் கூடுதல் எடையும் பழையவற்றுக்குப் படிப்படியாகக் குறையும் எடையும் தருவது. பின்னாளில் எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூதிங் என்று பெயர் பெற்றது இதுவே.

1950-களின் தொடக்கத்தில் பிரவுன் இதைக் கடற்படைக் கிடங்குகளின் உதிரிபாகத் தேவைக்குக் கொண்டுவந்தார். நகரும் சராசரிக்குப் பல மாதக் கணக்கைச் சேமித்து வைக்க வேண்டும். பிரவுனின் முறைக்கு, முந்தைய கணிப்பு என்ற ஒரே எண் போதும். ஆயிரக்கணக்கான பாகங்களுக்குக் கணக்கெழுதும் கிடங்கில் அந்தச் சிக்கனமே இம்முறையைப் பரவச் செய்தது.

ஆனால் தேவை சீராக ஏறும் பொருளுக்கு எளிய வடிவம் எப்போதும் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். புதிய அளவீட்டின் எடையான ஆல்ஃபா (α) 0.2 என்றால், கணிப்பு தன் பிழையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே ஒவ்வொரு மாதமும் சரிசெய்துகொள்கிறது. தேவை மாதம் 10 ஏறும்போது கணிப்பும் 10 ஏற வேண்டுமானால் பிழை 50-ஆக இருந்தாக வேண்டும். அந்த 50-இல் போய் நின்றுவிட்ட பின் எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அது குறையாது.

இந்தப் பின்னடைவைப் போக்க, போக்கையும் கணக்கில் சேர்க்கும் வடிவங்களை பிரவுன் உருவாக்கினார். அவருடைய இரட்டைச் சீராக்கத்தில் ஒரே மாறிலிதான் உண்டு. அவரைச் சாராமல், கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் சார்ல்ஸ் ஹோல்ட் வேறு வழி கண்டார். தேவையின் மட்டத்துக்கு ஒரு மாறிலி, மாதாந்தர ஏற்றத்துக்குத் தனியாக இன்னொன்று (β) என்று அவர் பிரித்தார். இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான் என்பது என் கருத்து. மட்டம் வேகமாக மாறலாம், வளர்ச்சி வேகம் மெதுவாகத்தான் மாறும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டியதில்லை. இம்முறையை விளக்கி 1957-இல் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்துக்கு ஹோல்ட் எழுதிய குறிப்பு 2004 வரை இதழ் எதிலும் அச்சேறவில்லை. அதற்கு முன்பே முறை பரவியதற்கு, 1960-இல் பீட்டர் விண்டர்ஸ் அதை நடைமுறைத் தரவுகளில் சோதித்து எழுதிய கட்டுரை முக்கியக் காரணம்.

```
L(t) = α·D(t) + (1−α)·(L(t−1) + T(t−1))
T(t) = β·(L(t) − L(t−1)) + (1−β)·T(t−1)
F(t+n) = L(t) + n·T(t)
```

D தேவை, L மட்டம், T போக்கு, F கணிப்பு, n எத்தனை மாதம் முன்னோக்கிக் கணிக்கிறோம் என்பது. ஒரு கற்பனைப் பொருளை எடுத்துக்கொள்வோம். பழைய மாதங்களுக்கு நேர்கோடு பொருத்தியதில் தொடக்க மட்டம் 200 பெட்டி, ஏற்றம் மாதம் 10 என்று கிடைத்தது. α 0.2, β 0.25.

முதல் மாதக் கணிப்பு 210, விற்றது 214. மட்டம் 0.2×214 + 0.8×210 = 210.8. மட்டம் 10.8 ஏறியிருப்பதால் போக்கு 0.25×10.8 + 0.75×10 = 10.2. இரண்டையும் கூட்ட, அடுத்த மாதக் கணிப்பு 221. விற்றது 216, மட்டம் 220, போக்கு 9.95. மூன்றாம் மாதக் கணிப்பு 229.95, விற்றது 235, மட்டம் 230.96, போக்கு ஏறத்தாழ 10.2. நான்காம் மாதத்துக்கு 241.2 என்றும், ஆறாம் மாதத்துக்கு மும்மடங்கு போக்கைக் கூட்டி 261.6 என்றும் கணிக்கலாம்.

பிழைகள் +4, −5, +5.05. அதே 200-இல் தொடங்கும் எளிய முறையில் பிழைகள் +14, +13.2, +29.6. பிழையின் அளவைவிட அதன் குறியைப் பாருங்கள். எளிய முறையில் எல்லாம் ஒரே பக்கம் விழுகின்றன. கிடங்கில் இது மாதந்தோறும் சரக்குப் பற்றாக்குறையாகத் தெரியும். பிழைகளின் கூட்டுத்தொகையைச் சராசரித் தனிப்பிழையால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். பிழைகள் ஒரே குறியில் நீடித்தால் அந்த எண் மாதம் ஒன்றாக ஏறும். ±6-ஐத் தாண்டினால் முறை பொருந்தவில்லை என்று பாடநூல்கள் எச்சரிக்கின்றன.

ஹோல்ட்டின் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. நான்காம் மாதம் முதல் விற்பனை 235-இலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணிப்புகள் 241.2, 249.8, 256.0 என்று ஏறிக்கொண்டே போகும். மூன்று மாத ஏமாற்றத்துக்குப் பிறகும் போக்கு 8-க்குக் கீழே வராது. நின்ற வளர்ச்சியை முறை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது, உபரிச் சரக்கு குவிகிறது. β-வை உயர்த்தினால் இது விரைவில் திருந்தும், ஆனால் ஒரு மாதத் தற்செயல் ஏற்றத்தையும் அது வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். எவெரெட் கார்ட்னரும் எட்வர்ட் மெக்கென்சியும் 1985-இல் சொன்ன தீர்வு, முன்னோக்கிக் கூட்டும் ஒவ்வொரு மாதப் போக்கையும் ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணால் தேய்த்துக்கொண்டே போவது. அந்த எண் 0.8 என்றால், மூன்றாம் மாத முடிவில் நின்று ஆறாம் மாதத்துக்குக் கூட்டும் போக்கு 30.6-லிருந்து சுமார் 19.9-ஆகக் குறையும், கணிப்பு 251-க்குச் சற்றுக் கீழே நிற்கும்.