விசைவழிக் கோட்டுரு வரைவு

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட கோட்டுருவை, விசைகளின் சமநிலையால் படமாக்கும் முறை. 1984-இல் பீட்டர் ஈட்ஸ் விளிம்புகளைச் சுருள்வில்லாகவும், இணைக்கப்படாத முனைகளை ஒன்றையொன்று தள்ளுவனவாகவும் கொண்டு இதை முன்வைத்தார்.

1991-இல் ஃபுருக்டர்மனும் ரீங்கோல்டும் தந்த வடிவில், k என்பது விரும்பும் இடைவெளி. d தொலைவில் உள்ள இணைந்த முனைகளுக்கிடையே இழுவிசை d²/k. எல்லா முனைகளுக்கிடையிலும் விலக்குவிசை k²/d. இணைந்த இரு முனைகள் மட்டும் இருந்தால், d = k ஆகும்போது இரண்டும் சமம். தொலைவு 2k ஆனால் இழுவிசை விலக்குவிசையைப் போல் 8 மடங்கு. முனைகள் நெருங்கி வரும். தொடக்கத்தில் முனைகள் கண்டபடி வைக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் நகரக்கூடிய தூரத்தின் உச்சவரம்பு குறைக்கப்படுவதால் படம் மெல்ல அடங்கும்.

இவ்விசைகள் விளிம்புகள் வெட்டிக்கொள்வதைக் கணக்கில் எடுப்பதில்லை. நான்கு முனைகளும் தமக்குள் இணைந்த கோட்டுருவை, முக்கோணமும் அதன் நடுவில் ஒரு முனையுமாக வெட்டின்றி வரையலாம். ஆனால் ஆற்றல் குறைவான நிலை சதுரமே. அதன் மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும். வெட்டே கூடாதெனில், தளக் கோட்டுருக்களுக்கான தனி வழிமுறைகளையே நாட வேண்டும்.