சதுர அடிக்கு நாலே கால் ரூபாய்: ஒரு கணக்கின் வரலாறு



வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வர இருக்கிறது. பக்கத்து வளாகத்தில் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 2.80 ரூபாய், நம்மிடம் 4.25. ஆகவே நம்முடையதை 3.50-க்குக் குறைக்க வேண்டும் என்பது தீர்மானம். கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. பென்ஷனில் வாழ்பவர்களுக்கு மாதம் எண்ணூறு ரூபாய் பெரிய தொகைதான். ஆனால் கை தூக்குவதற்கு முன், இந்த 'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற கணக்கு எப்படி வந்தது என்று நீங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எழுபது, எண்பதுகளில் சென்னையில் கட்டப்பட்ட தனியார் அடுக்ககங்களில் பெரும்பாலும் எட்டு வீடு, பன்னிரண்டு வீடு. செலவு என்றால் ஒரு வாட்ச்மேன், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், படிக்கட்டு விளக்கு. மாதக் கடைசியில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போவார். எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் சதுர அடியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சதுர அடி வந்தது நிலத்தின் வழியாக. அடுக்ககத்தில் யாருக்கும் தனி மனை கிடையாது. சென்னையில் பழகிப்போன முறை என்னவென்றால், மனையில் 'பிரிக்கப்படாத பாகம்' என்று ஒரு பங்கை (யு.டி.எஸ். என்று நம் பத்திரத்தில் பார்த்திருப்பீர்கள்) பதிவு செய்துகொடுத்து, வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் போடுவார்கள். பெரிய வீட்டுக்குப் பெரிய பாகம். 1994-இல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தப் பாகத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டுள்ளன. சொத்தில் பங்கு எப்படியோ, செலவிலும் பங்கு அப்படியே என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேரூன்றியது. இரண்டு படுக்கையறை, மூன்று படுக்கையறை வீடுகள் கலந்து நூற்றுக்கணக்கில் எழுந்தபோது, கட்டுநர்களுக்கும் இது வசதியான கணக்காக இருந்தது.

இந்தியாவில் எங்கும் இதே வழிதான் என்று எண்ண வேண்டாம். மும்பையில் பெரும்பாலான கட்டடங்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள். அங்கே வாட்ச்மேன், துப்புரவு, பொது விளக்கு போன்ற சேவைச் செலவைப் பெரிய வீடு, சிறிய வீடு என்று பார்க்காமல் சமமாகப் பிரிக்கிறார்கள். லிப்ட் செலவும் சமம்தான், தரைத்தளத்துக்காரருக்கும் சேர்த்து! தண்ணீருக்குக் குழாய்களின் எண்ணிக்கை கணக்கு. கட்டடத்தின் எதிர்காலச் செலவுக்கான நிதிக்கு மட்டும், அந்தந்த வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று வாங்குகிறார்கள். ஒரே ரசீதில் மூன்று வகைப் பங்கீடு. கொஞ்சம் தலைசுற்றும், ஆனால் எந்தப் பணம் எதற்கு என்று ரசீதைப் பார்த்தாலே தெரியும். நம் முறையில் எல்லாம் ஒரே எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

அந்த எண்ணில் முதலில் வழுக்குவது சதுர அடியேதான். எந்தச் சதுர அடி? 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்பெட் ஏரியா' என்றால் என்ன என்று வரையறுத்தது. வெளிச் சுவரும் பால்கனியும் போக, உள்ளே நாம் புழங்கும் தரை, உள் தடுப்புச் சுவர்களோடு சேர்த்து. விற்பனை இப்போது அந்தக் கணக்கில் நடக்க வேண்டும். ஆனால் பராமரிப்புக் கட்டணம் இன்னும் பல இடங்களில் பழைய 'சூப்பர் பில்ட்-அப்' அளவின் மீதுதான். அதில் நடைபாதை, மாடிப்படி, லிப்ட் கூடம், கிளப் ஹவுஸ் என்று எவ்வளவு ஏற்றிச் சொல்வது என்பதற்கு ஒரே அளவுகோல் இருந்ததில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக எண்களைச் சற்று உருட்டிக்கொள்கிறேன். நம் நடுத்தர வீடு 1,125 சதுர அடி. உள்ளே புழங்கும் இடம் 900. பக்கத்து வளாகத்திலும் அதே 900 சதுர அடிதான், ஆனால் பத்திரத்தில் அது 1,260. நாம் கட்டுவது 1,125 பெருக்கல் 4.25, அதாவது 4,781 ரூபாய். அவர்கள் கட்டுவது 1,260 பெருக்கல் 2.80, அதாவது 3,528. சதுர அடிக்கு 1.45 வித்தியாசம் என்றால் 1,631 ரூபாய் வர வேண்டுமே என்று தோன்றும். உண்மையில் 1,253 தான்.

அடுத்து, கட்டணத்துக்கு வெளியே என்ன வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். 2003-04 வறட்சியும் 2019 கோடையும் லாரித் தண்ணீரை நம் வாழ்க்கையில் நிரந்தரமாக்கிவிட்டன. அதன் செலவு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால், அதைத் தனி ரசீதாகப் போடும் வளாகங்கள் உண்டு. ஜெனரேட்டர் டீசலும் அப்படியே. 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் வாங்கி வைத்த வழக்கம் அது. பக்கத்தில் இவை இரண்டும் தனி. தண்ணீருக்கு 450, டீசலுக்கு 100 என்று வையுங்கள். வித்தியாசம் 703-க்கு வந்துவிடுகிறது.

நம் 4.25-இல் 50 பைசா எதிர்கால நிதிக்குப் போகிறது. அவர்களுக்கு அப்படி ஒரு நிதியே இல்லை. நம் வீட்டுக்கு அது 562 ரூபாய். அதையும் கழித்தால் மிஞ்சுவது மாதம் 140 ரூபாய் சொச்சம். நம் 144 வீட்டுக்கும் சேர்த்தால் இருபதாயிரம். நீச்சல் குளத்தின் ஆள் கூலி, குளோரின், வடிகட்டும் மோட்டார் எல்லாம் ஏறக்குறைய அந்தத் தொகைதான். அவர்களிடம் குளம் இல்லை. அந்தக் குளம் வேண்டுமா என்று விவாதிக்கலாம். நான் அதில் இறங்கி ஐந்து வருஷம் ஆகிறது, என் ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி, மாதத் தொகையில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று பார்ப்போம். செக்யூரிட்டிதான். ஒரு வாசலில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஆள் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரு வாசலுக்கு மூன்றரை ஆள் தேவை. ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் செலவு என்று வைத்தால் வாசலுக்கு 70,000. நம் வளாகத்தின் மொத்தப் பரப்பு 1,62,000 சதுர அடி. ஆக ஒரு வாசல் என்பது சதுர அடிக்கு 43 பைசா. நமக்கு இரண்டு வாசல்.

இதையே இரண்டே ஆளை வைத்து, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வார விடுமுறை இல்லை, மிகை நேர ஊதியம் இல்லை என்று நடத்தினால் 40,000-இல் முடிந்துவிடும், 25 பைசா. கட்டணம் குறைவான இடங்களில் பலமுறை இந்த 18 பைசாவைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிப்பது எளிது. பகலில் வாசலில் நிற்பவரிடம் "எப்போது வந்தீர்கள், எப்போது போவீர்கள், வாரத்தில் எந்த நாள் லீவு?" என்று கேட்டால் போதும். இரவு மூன்று மணிக்கு அவர் நாற்காலியில் தூங்கினால் கோபப்பட நமக்கு உரிமை இருக்கிறதா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இப்படித்தான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் அந்த அனுமதியோடு வரும் நிபந்தனை. ஆகவே பெரிய வளாகம் என்றால் செலவு பங்கிடப்பட்டு மலிவாகும் என்ற பொதுப்புத்தி இங்கே செல்லாது. அளவு ஒரு கோட்டைத் தாண்டியதும் புதுச் செலவு ஒன்று சேர்ந்துகொள்கிறது. அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்கு மூச்சுக்காற்று வேண்டும் என்பதால் ஊதுகருவி நாள் முழுவதும் ஓட வேண்டும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் அதை நிறுத்தினால் கிருமிகள் செத்து, காலையில் அழுகிய முட்டை நாற்றம் வரும். சுத்திகரித்த தண்ணீர் கலங்கலாக வந்தால் கழிவறைக்கு விட முடியாது. அந்த அளவுக்கு லாரி கூடுதலாக வரும். மிச்சம் பிடித்த மின்சாரம் லாரி வாடகையாகப் போய்விடுகிறது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. 2022 செப்டம்பர் வரை நம் லிப்ட், மோட்டார், பொது விளக்கு எல்லாம் வீட்டு இணைப்புக் கட்டணத்தில் ஓடின. அப்போது பொதுச் சேவைக்கென்று தனி வகை வந்து யூனிட் எட்டு ரூபாயானது, பிறகு 8.15. 2023 அக்டோபரில் அரசு அதை 5.50-க்குக் குறைத்தது, ஆனால் பத்து வீடு அல்லது அதற்குக் கீழ், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். உங்கள் மைத்துனர் தன் எட்டு வீட்டுக் கட்டடத்தின் கட்டணத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டால், இந்தச் சலுகையும் அதில் அடக்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இப்போது தீர்மானத்துக்கு வருவோம். 75 பைசா குறைப்பது என்றால் மாதம் 1,21,500 ரூபாய். எங்கிருந்து எடுப்பது? எதிர்கால நிதியை நிறுத்தினால் 50 பைசா. இரண்டு வாசலிலும் ஆட்களைக் குறைத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தால் 37 பைசா. கணக்கு அழகாக முடிந்துவிடும், மறுநாள் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. நிதியை நிறுத்தினால் ஆண்டுக்கு 9,72,000 ரூபாய் சேராமல் போகும். அது தெரியவருவது லிப்டின் மோட்டாரோ கயிறோ மாற்ற வேண்டிய வருஷத்தில். அன்றைக்கு வீட்டுக்கு இவ்வளவு ஆயிரம் என்று ஒரே தவணையில் கேட்போம். அதற்குள் வீட்டை விற்றுப் போனவர் தப்பித்துவிடுவார், புதிதாக வாங்கியவர் கட்டுவார்.

குறைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் போட்டால், இருவர் வாழும் 850 சதுர அடி வீட்டுக்கு நிச்சயம் குறையும், ஐந்து பேர் உள்ள 1,400 சதுர அடி வீட்டுக்குக் கூடலாம். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரி பாகமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பேரம் பேசலாம். பின்வாசலை இரவு பத்து மணிக்கு மேல் பூட்டினால், எட்டு மணி நேரக் காவலுக்கான செலவு, அதாவது சுமார் 14 பைசா, யாரையும் வருத்தாமல் மிஞ்சும்.

கடந்த மூன்று ஆண்டுகளின் தலைப்புவாரிக் கணக்கும், வாசல்வாரியாக செக்யூரிட்டி ஷிப்ட் பட்டியலும் அசோசியேஷன் அலுவலகத்தில் மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து வளாகத்தின் ஆண்டுக் கணக்கு யாரிடமாவது இருந்தால் கூட்டத்துக்கு ஒரு பிரதி கொண்டு வாருங்கள். அவர்களுடைய 2.80-க்குள் எது இருக்கிறது என்பதை அன்று எல்லோரும் சேர்ந்தே படித்துவிடலாம்.